மணியம் மாமாவின் காலை ஆறு மணி

மணியம் மாமா ஒரு பெண்ணைக் கைநீட்டி அடிப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் மலேசியாவின் லாபிஸ் டவுனில் பாதிப் பேர் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். முப்பத்தொரு வருடம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். ஹாரன் அடிக்கக் கூச்சப்படுகிற லாரி டிரைவர் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு, அது அவர்தான். மாடு குறுக்கே நின்றால்கூட இறங்கிப் போய் அதனிடம் பேசிவிட்டு வருவாராம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வியாழக்கிழமை விடிகாலையில், சொந்த மருமகள் பிரேமலாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, அவளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார்.

"பொய்க்காரி! போடி வெளிய!"

பிரேமலாவுக்கு வலி தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. முதலில் தெரிந்தது அதிர்ச்சிதான். கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து "டி" என்று ஒரு சொல் வந்ததில்லை. கீழே கிடந்த பூச்சரத்தைப் பொறுக்கி எடுத்தாள்.

பிரேமலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். லாபிஸ் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவள். அப்பா ரப்பருக்குப் பால்மரம் வெட்டியவர். மரம் போய்ச் செம்பனை வந்ததும் குடும்பம் டவுனுக்கு வந்தது. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பக்கத்து ஊரான சிகாமட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்து, பதினேழு வருடத்தில் லைன் லீடர் ஆனாள். அவள் லைனில் ஒரு போல்ட் இடம் மாறினால் அவளுக்குத் தூக்கம் வராது. வீட்டிலும் அதே கதைதான். மாமாவின் மாத்திரை டப்பாவில் கிழமை எழுதியிருக்கும், துண்டுகளுக்கு நிறம் பிரித்திருக்கும், ஃபிரிட்ஜ் கதவில் ஒரு நாள் முழுவதும் அட்டவணையாகத் தொங்கும். இப்படி ஒருத்தி எல்லார் வீட்டிலும் இருந்துவிட்டால் வீட்டில் மற்றவர்கள் மூச்சுவிடுவது சிரமம்தான். ஆனால் மறதி நோய் வந்த ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்ள இவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று தாமான் குடியிருப்பில் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

மாமாவுக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொன்னது இரண்டு வருடத்துக்கு முன்னால். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அத்தை புஷ்பவள்ளி மாரடைப்பில் போய்விட்டார். அதோடு பிரேமலா வேலையை விட்டாள். கணவன் வசந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை; வாரமெல்லாம் ஜொகூர்பாருவில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு பாலம் தாண்டிப் போய்வருவான், வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து சேருவான். ஆக, மாமாவும் அவளும்தான்.

அத்தை போனதிலிருந்தே மாமாவின் காலைகள் கெட்டுப்போயின. ஆறு மணிக்கு அறையை விட்டு வெளியே வருவார். வந்தவர் அப்படியே விறைத்து நிற்பார். பிறகு கத்தல், அழுகை, கையில் கிடைத்ததைப் பிடித்து இழுப்பது. ஏழரை மணிக்கு ஏன் அழுதோம் என்பதே அவருக்கு நினைவில் இருக்காது. ஆனால் முகம் மட்டும் தெளியாது. அன்றைக்குப் பூராவும் அவள் கொடுத்தால் சாப்பிட மாட்டார், அவள் தொட்டால் குளிக்க மாட்டார். பக்கத்து வீட்டு ராஜம்மா மாமி திருஷ்டி என்றார், எலுமிச்சம்பழம் சுற்றினார். டாக்டர் சிறுநீர், இரத்தம் எல்லாம் பார்த்து, தொற்று இல்லை, வேறு வலியும் தெரியவில்லை என்றார். மணிக்கட்டு முறுக்குப்பட்ட வியாழக்கிழமை மத்தியானம் பிரேமலா ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தாள். இடம் இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். வசந்தன் போனில், "சரி. நீ இனிமே அடிவாங்க வேணா," என்றான்.

சேர்க்கைக்கான ஃபாரம் எழுதியாகிவிட்டது. அவள் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

இதற்கிடையில் சனிக்கிழமைக்கு அவள் ஏற்கெனவே ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். சிகாமட்டில் கடைவீட்டு மாடி ஒன்றில் பராமரிப்பாளர் படிப்புச் சொல்லித்தரும் ஒரு சிறிய கல்லூரி. அங்கே மாணவர்களுக்கு ஒருநாள் பயிற்சிப் பட்டறை, மறதி நோயாளியிடம் பேசிப் பழகுவது எப்படி என்று. நடத்துகிறவர் பரக்கத் நிஷா, இருபது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். குடும்பத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் வந்து நோயாளியாக நடித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். பிரேமலாவுக்குப் போக மனமில்லைதான். திங்கட்கிழமை கைகழுவப் போகிறவள் சனிக்கிழமை என்ன முகத்தோடு போய்ப் பாடம் நடத்துவது? ஆனாலும் சொன்னால் சொன்னதுதான் என்கிற ஜாதி அவள். மாமாவை வசந்தனிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

பதினாலு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நிஷா முழு வகுப்பையும் தமிழில்தான் நடத்தினார்.

"மலாய்லயும் இங்கிலீஷ்லயும் நீங்க படிச்சிட்டீங்க. ஏன் திருப்பித் தமிழ்லன்னு கேப்பீங்க. இந்த நோயில பின்னால கத்துக்கிட்ட பாஷ பெரும்பாலும் முன்னால போயிரும். நாப்பது வருஷம் ஆபீஸ்ல மலாய் பேசுன ஆளு, படுக்கையில தண்ணிய தமிழ்லதான் கேப்பாரு. நீங்க 'ஆயர்'னு மலாய்ல சொல்லிட்டு நின்னா, அவரு தாகத்தோடயே கெடப்பாரு. வெளங்குதா?"

பிறகு பிரேமலாவைப் பார்த்தார். "அக்கா, நீங்க நடிக்கவே வேணா. உங்க மாமா மாதிரி உக்காந்துக்குங்க. அவருக்கு என்னா தெரியுமோ அது மட்டும் உங்களுக்குத் தெரியும். மத்ததெல்லாம் மறந்துருங்க."

முதலில் அஹ்னாஃப் என்ற பையன். கையில் மைலோ பானம் நிறைந்த கோப்பை. அவன் பின்பக்கமாக வந்து தோளில் தட்டி, "தாத்தா! நான் யாரு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்! மைலோ கொண்டாந்துருக்கேன், எந்திரிச்சு மொகம் கழுவிட்டு, மாத்திர போட்டுட்டு, குடிச்சிருங்க," என்றான், ஒரே மூச்சில்.

பிரேமலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னாலிருந்து ஒரு கை. முகம் தெரியாத ஒரு குரல். அது ஒரு கேள்வி கேட்கிறது, அதற்குப் பதில் தெரியாவிட்டால் அவமானம். பதிலை யோசிப்பதற்குள் நான்கு வேலைகள் தலையில் விழுகின்றன. நடிப்புதான் என்று தெரிந்தும் அவள் கோப்பையைத் தள்ளிவிட்டாள். மைலோ அவன் சட்டையில் சிந்தியது.

"அலமாக்!" என்று மலாயில் பதறினான் பையன். எல்லாரும் சிரித்தார்கள். பிரேமலா சிரிக்கவில்லை. 'நான் யாரு தெரியுதா மாமா?' என்று அவள் தினமும் கேட்பாள். தெரிகிறதா என்று சோதித்து அட்டவணையில் சரி அல்லது தவறு என்று குறித்துவைப்பாள்.

நிஷா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "தெரியாதுன்னு தெரிஞ்சிக்கிட்டே பரீட்ச வெக்காதீங்க. உங்க பேர நீங்களே சொல்லுங்க. முன்னால வாங்க, அவரு பார்வைக்குக் கீழயோ சமமாவோ உக்காருங்க. டிவி ஓடுனா அடச்சிருங்க. கண்ணாடியும் காது மெஷினும் போட்டுருக்காரான்னு பாருங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயம். சொல்லிட்டு வாய மூடிக்கிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, தேவைன்னா பதினஞ்சு. அந்த மண்டைக்குள்ள சொல்லு போயி, அர்த்தமாவி, பதில் கெளம்பி வர அவ்ளோ நேரம் புடிக்கும். நடுவுல நீங்க வேற மாதிரி கேட்டா முதல்லேருந்து ஆரம்பிக்கணும் அவரு."

அஹ்னாஃப் மறுபடியும் வந்தான். இந்த முறை எதிரே வந்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, "தாத்தா, நான் அஹ்னாஃப். உங்களுக்கு மைலோ," என்று கோப்பையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நீட்டிவிட்டு நிறுத்தினான். அவன் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. எட்டு எண்ணும்போது பிரேமலாவின் கை தானாகவே நீண்டு கோப்பையை வாங்கியது. இவ்வளவுதானா விஷயம் என்று அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

டீ குடித்துவிட்டு வந்ததும் நிஷா கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். நடுக் கட்டத்தில், அடிக்கிறார், கத்துகிறார் என்று எழுதினார்.

"இத நம்ம தொல்லைன்னு சொல்வோம். அவருக்கு இது பேச்சு. வாயில வார்த்த வரலன்னா கையில வரும், கத்தல்ல வரும். நம்ம வேல இந்த நடுக் கட்டத்த நிறுத்தறது இல்ல. முன்னால என்னா நடந்துச்சுன்னு முதல் கட்டத்துல எழுதறது, பின்னால என்னா ஆச்சுன்னு மூணாவது கட்டத்துல எழுதறது. அக்கா, உங்க மாமாவோட கஷ்டமான நேரம் எது?"

"காலையில ஆறு மணி மிஸ்," என்றாள் பிரேமலா. "ஆனா நான் ஒன்னும் பண்றதில்ல மிஸ். ஒரு வார்த்தகூடப் பேசறதில்ல. அத்த எறந்தத அவருக்குச் சொல்லவே கூடாதுன்னு கிளினிக்ல நர்ஸ் சொன்னாங்க, நானும் சொன்னதே இல்ல. எப்பயாச்சும் கேட்டா, கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுவேன். அவ்ளோ கவனமா இருக்கேன்."

"நல்லது. அப்ப அந்த ஆறு மணிய அப்படியே செஞ்சு பாப்போம். ரூபினி, நீ அக்காவா இரு. அக்கா, நீங்க மாமா. நீங்க தெனம் என்னென்ன செய்வீங்களோ அத ரூபினிக்குச் சொல்லுங்க, ஒன்னு விடாம."

ஒன்று விடாமல் சொல்வது பிரேமலாவுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஐந்தே முக்காலுக்குக் குளியல். ஹாலில் பெரிய விளக்கைப் போடமாட்டாள், மாமா கண் கூசும் என்று. மாமாவின் அறைக்கு நேர் எதிர்ச் சுவரில் அத்தையின் படம். நேற்று வைத்த சரத்தை எடுத்துவிட்டுப் புதுச்சரம் போடுவாள். கண்ணாடியில் குங்குமம் வைப்பாள். படத்துக்குக் கீழே சின்னப் பலகையில் விளக்கு ஏற்றி, ஊதுபத்தி காட்டி, கும்பிடுவாள். சரியாக ஆறு. பதினான்கு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை, தீட்டு நாளில்கூட ராஜம்மா மாமியை விட்டு ஏற்றச் சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மாமா கதவைத் திறந்ததும் அத்தை முகத்தில் விழிக்கட்டும் என்று.

"பகல்ல அந்தப் படத்தப் பாப்பாரா?" என்று நிஷா கேட்டார்.

"இல்ல மிஸ். அவரு நாற்காலி வாசப் பக்கம் பாத்து இருக்கும். பகல்ல கண்ணாடியில வெளிச்சம் அடிக்கும், ஒன்னும் தெரியாது. அவருக்குக் கண்ணுலயும் பொரை."

நிஷா ரூபினியைப் பார்த்துத் தலையசைத்தார். ரூபினி தன் ஃபைலைச் சுவரோடு சாய்த்துப் படமாக்கினாள், தலையிலிருந்த முல்லைச் சரத்தை எடுத்து அதன்மேல் போட்டாள். யாரோ அறை விளக்கை அணைத்தார்கள். கைப்பேசி வெளிச்சத்தை அதன் கீழே வைத்தாள் அந்தப் பெண்.

"அக்கா, நீங்க இப்பத்தான் தூங்கி எந்திரிச்சிருக்கீங்க. உங்க சம்சாரம் கோயிலுக்குப் போயிருக்காங்க, நேத்து சொன்னாங்க. கதவத் தொறந்து வாங்க," என்றார் நிஷா.

பிரேமலா பக்கத்து அறையிலிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

இருட்டு. இருட்டின் நடுவே ஒரே ஒரு வெளிச்சம். வெளிச்சத்தில் ஒரு படம், படத்தில் மாலை. தலைக்குக் குளித்த ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, கைகூப்பி நிற்கிறாள். அவள் திரும்பினாள். ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியது எதுவும் இல்லையே.

உயிரோடு இருக்கிற ஆளின் படத்துக்கு நம் வீட்டில் மாலை போடுவோமா? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சேதி அது. மூளையில் எத்தனை அழிந்தாலும் அறுபது வருடம் எழவு வீடுகளைப் பார்த்த கண்ணுக்கு அது மறக்குமா?

பிரேமலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் நிஷாவைப் பார்த்தாள். அவள் புத்தி ஃபேக்டரிப் புத்தி. அந்த நிலையிலும் அது பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பதினான்கு மாதம். நானூற்று இருபதுக்குமேல் காலைகள்.

"நானூறு தடவ," என்றாள் கடைசியில். "மிஸ், நானூறு தடவ நான் அவருகிட்ட அத்த செத்துட்டாங்கன்னு சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவ. நேத்து சாயங்காலம் கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னவளும் நான்தான். பொய்க்காரின்னு சொன்னாரு மிஸ். சரியாத்தான் சொன்னாரு."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. ரூபினி தன் பூவை ஃபைலிலிருந்து எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள், குற்றம் செய்தவள்போல. நிஷா பிரேமலாவின் எதிரே முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இது நம்ம யூகம்தான். இன்னும் நிச்சயமாத் தெரியாது. முதல் கட்டத்த மாத்திப் பாருங்க, நடுக் கட்டம் மாறுதான்னு பாருங்க. மாறலன்னா வேற காரணம் தேடுவோம். மாறுனாலும் எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிறாதீங்க, சாயங்காலம் வேற பிரச்சன வரும்."

"ஏழரைக்கெல்லாம் மறந்துர்றாரு மிஸ். அப்புறம் ஏன் நாள் பூரா என்னைக் கண்டா மூஞ்சத் திருப்பறாரு?"

"சேதி மறந்துரும். சேதி குடுத்த துக்கம் மறக்காது. என்னாத்துக்குத் துக்கம்னு தெரியாம துக்கம் மட்டும் உக்காந்திருக்கும். யாரு பக்கத்துல நின்னாங்களோ அவங்கமேல அது ஒட்டிக்கும்."

"அத்த எங்கன்னு கேட்டா நான் என்னா மிஸ் சொல்றது? கோயிலுன்னும் சொல்லக் கூடாதா?"

"முதல்ல அவங்களத் தேடறீங்களா மாமான்னு கேளுங்க. அவங்களப் பத்திப் பேச விடுங்க. எங்கன்னு கேக்கற பல பேரு எடத்த கேக்கல. பயமா இருக்கு, தனியா இருக்குன்னு சொல்றாங்க. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்க. செத்துட்டாளான்னு நேராவே ஒரு நாள் கேட்டா, பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சிக்கிட்டு, மெதுவா பேசலாம். கேக்காத சேதிய தெனம் போயி சொல்ல வேணா, அவ்ளோதான்."

பஸ்ஸில் திரும்பும்போது பிரேமலா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். ஜன்னலுக்கு வெளியே செம்பனை ஓடிக்கொண்டிருந்தது, அவள் பார்த்தது எல்லாம் அந்த நானூறு கதவுகள் திறந்ததைத்தான்.

வீட்டில் வசந்தனோடு தகராறு. படத்தை இறக்க வேண்டும் என்றதும் அவன் முகம் கறுத்தது.

"வருஷம் திரும்பி ரெண்டு மாசம்தான் ஆவுது. எங்கம்மாவ நடுவீட்லேருந்து எறக்கி ஸ்டோர்ல வெக்கச் சொல்றியா? சொந்தக்காரங்க வந்தா என்னா சொல்லுவாங்க?"

"ஸ்டோர்ல யாருங்க வெக்கச் சொன்னா? நம்ம ரூம்ல வெப்போம். நானே வெளக்கேத்தறேன், கதவச் சாத்திக்கிட்டு."

"அப்பா எப்படியும் திங்கட்கெழம போறாருல்ல. ரெண்டு நாளுக்கு என்னாத்துக்கு இதெல்லாம்?"

ரூபினி தனக்குச் செய்ததைப் பிரேமலா வசந்தனுக்குச் செய்தாள். சாயங்காலம் இருட்டியதும் ஹால் விளக்கை அணைத்து, படத்தின் கீழே விளக்கை ஏற்றி, அவனை அப்பாவின் அறைக்குள்ளிருந்து நடந்து வரச் சொன்னாள். மாமா அப்போது வாசலில் ராஜம்மா மாமியோடு உட்கார்ந்திருந்தார். வசந்தன் வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்தான். நான்கு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டு வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே போய் விளக்கை அணைத்தான், ஆணியிலிருந்து படத்தை இறக்கினான், மாலையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு தங்கள் அறைக்குப் போனான். உள்ளே அவன் விசும்புவது வெளியே கேட்டது. அம்மா செத்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தே முக்காலுக்குப் பிரேமலா ஹாலில் பெரிய விளக்கைப் போட்டாள். மாமாவின் கதவுக்கு எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில், அவர் பார்வையில் படும்படி, தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தாள். பழைய பழக்கத்தில் கை கடிகாரத்தைத் தேடியது.

கதவு திறந்தது. மாமா வந்தார். நின்றார். கண்கள் நேராக எதிர்ச் சுவருக்குப் போயின. தோள்கள் அப்போதே உயர்ந்துவிட்டன, அடி வாங்கத் தயாராகிற பிள்ளையைப்போல. அங்கே சுவர்தான் இருந்தது.

"மாமா, நான் பிரேமலா," என்றாள். வாயை மூடிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. வாழ்க்கையில் அவள் எண்ணியதிலேயே கஷ்டமான எண்கள் அவை. ஒன்பதில் தோள்கள் இறங்கின. பன்னிரண்டில் அவர் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மைலோ," என்று கோப்பையைக் காட்டினாள். வாங்கிக் குடித்தார். அவள் கையிலிருந்து. பிஸ்கட்டையும் தொட்டுத் தின்றார். பிரேமலாவுக்கு வசந்தனைக் கத்திக் கூப்பிட வேண்டும்போல இருந்தது, அவன் ஏற்கெனவே தங்கள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமா கோப்பையை வைத்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல முன்னால் சாய்ந்தார்.

"இன்னிக்கு அந்தப் பொம்பள வரல."

'எந்தப் பொம்பள' என்று கேட்க வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். காத்திருந்தாள்.

"விடியக் கருக்கல்ல வருவா," என்றார் மாமா. "வந்து... எம் பொண்டாட்டி செத்துட்டாம்பா. பேச மாட்டா. பூவு போட்டுட்டுத் திரும்பிப் பாப்பா. அடிச்சிக்கூட வெரட்டுனேன். போவல."

அவர் இத்தனை வார்த்தைகள் சேர்த்துப் பேசி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் இவ்வளவு நாளாக இரண்டு பெண்கள் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் அவள்தான். மாமா அடித்தது அவளை இல்லை. அவள் தினமும் குளித்து முழுகிக் கூட்டிவந்த இன்னொருத்தியை.

"பயமா இருந்துச்சா மாமா?" என்றாள்.

தலையை ஆட்டினார். கண்ணில் நீர் கட்டியது, ஆனால் கத்தவில்லை.

"இனிமே வர மாட்டா மாமா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

அவர் அதை யோசித்தார். பிறகு பார்வை கீழே இறங்கி, மடியில் கிடந்த அவள் மணிக்கட்டில் நின்றது. வியாழக்கிழமைக் காயம் இன்னும் ஊதா நிறத்தில் இருந்தது, நான்கு விரல் தடத்தோடு. மாமா அதைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பதைப்பு வந்தது.

"ஐயோ," என்றார். "அந்தப் பொம்பள ஒன்னையும் அடிச்சிட்டாளாம்மா?"

பிரேமலா பத்து எண்ணினாள். பதினைந்து எண்ணினாள். இந்தத் தடவை பதில் சொல்ல வேண்டியவள் அவள். மாமா அவள் கையை இழுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, மெதுவாக, சின்னப் பிள்ளைக்கு ஊதுவதுபோல அந்த இடத்தில் ஊதினார்.

அவள் தலையை நிமிர்த்தி அறை வாசலைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள், கையை விடுவித்துக்கொள்ளாமலே. "அந்த ஹோமுக்குப் போன் போட்டு, நாளைக்கு நாங்க வரலன்னு சொல்லிருங்க."